சிகரெட்டை விட்டும் சரியாகாதது ஏன்?

அவருக்கு 38 வயது. லாரி டிரைவர். மனைவியுடன் வந்திருந்தார். ஒரு வருடமாக விறைப்பு சரியாக வரவில்லை, வந்தாலும் நிற்பதில்லை. மனைவிதான் முதலில் பேசினார். “இவர் சிகரெட்டை விட்டு ரெண்டு மாசமாச்சு டாக்டர். இன்னும் ஏன் சரியாகலை?”

அவர் பேசியபோது கீழ் உதடு லேசாகப் புடைத்திருந்தது. புகையிலை! சிகரெட்டுக்குப் பதிலாக பாக்கெட் புகையிலையை ஒதுக்க ஆரம்பித்திருக்கிறார். தவிர, தினமும் இரவில் ஒரு குவாட்டர்.

விறைப்பு என்பது ரத்த ஓட்டம். ஆசை வந்ததும் ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் விரிந்து, ரத்தம் உள்ளே பாய்ந்து, அங்கேயே தங்க வேண்டும். நிகோட்டின் அந்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். சிகரெட் புகை குழாயின் உட்சுவரையும் கெடுக்கும். வாயில் ஒதுக்கும் புகையிலையில் புகைதான் இல்லை. நிகோட்டின் வாயின் உட்தோல் வழியே நேராக ரத்தத்தில் கலக்கிறது. நீண்ட நேரம் ஒதுக்கினால் நீண்ட நேரம் கலந்துகொண்டே இருக்கும். அதனால்தான் சிகரெட்டை விட்ட பலன் இவருக்குக் கிடைக்கவில்லை.

மது ஆசையைத் தூண்டுவதுபோலத் தெரியும். ஆனால், மூளையிலிருந்து வரும் உத்தரவை அது மந்தமாக்கிவிடும். வருடக்கணக்கில் குடித்தால் ஆண் ஹார்மோன் குறையும், நரம்புகளும் பாதிக்கப்படும்.

விட்டால் எவ்வளவு நாளில் சரியாகும்? நிகோட்டினின் சுருக்கும் வேலை ஓரிரு நாளிலேயே குறைந்துவிடும். குழாயின் உட்சுவர் தேற மாதங்கள் ஆகும். குடியை நிறுத்தியவர்களில் பலருக்கு மூன்று மாதங்களில் முன்னேற்றம் தெரிகிறது. ஆனால், பல வருடப் பழக்கம், சர்க்கரை நோய், நரம்பு பாதிப்பு இருந்தால் முழுவதும் திரும்பாமலும் போகலாம். இளம் வயதில் விட்டவர்களுக்குப் பலன் அதிகம்.

முன்னேற்றத்தைத் தெரிந்துகொள்ள எளிய அடையாளம், காலையில் தூங்கி எழும்போது வரும் விறைப்பு. அது திரும்ப ஆரம்பித்தால் குழாய்களும் நரம்புகளும் தேறிவருகின்றன என்று அர்த்தம்.

அவருக்கு சுகர், பி.பி பார்த்தோம். இரண்டும் சரியாக இருந்தன. புகையிலையை அன்றே நிறுத்தச் சொன்னேன். குடியை மட்டும் ‘நாளையிலிருந்து கிடையாது’ என்று தானாக நிறுத்த வேண்டாம் என்றேன். தினமும் குடிப்பவர்கள் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், குழப்பம், வலிப்புகூட வரலாம். மாத்திரைகளின் துணையோடு, டாக்டர் கண்காணிப்பில் நிறுத்தினார்.

மூன்றாவது வாரம் காலை விறைப்பு திரும்பியது. மூன்றாவது மாதம் வந்தபோது, “இப்ப பெரும்பாலும் பிரச்னை இல்லை டாக்டர்” என்றார். மனைவி சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்று பழக்கங்களையும் விட்டு மூன்று மாதங்களாகியும் மாற்றமே இல்லையென்றால், கடையில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். டாக்டரைப் பாருங்கள். ஆணுறுப்பின் ரத்தக்குழாய் இதயத்தின் குழாயைவிட மெல்லியது. அடைப்பு அங்கேதான் முதலில் தெரியும். இதயத்தையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டியிருக்கலாம்.