ஆற்றில் தண்ணீர் ஓடினால் மட்டும் போதுமா? கரமனையின் 'ஊத்த' கணக்கு

இடவப்பாதி மழையின் முதல் வெள்ளத்தோடு வாளை, விரால், கெண்டை எல்லாம் ஆற்றிலிருந்து ஓடை வழியாக வயல்களுக்கு ஏறும். கேரளத்தில் இதன் பெயர் 'ஊத்த'. ஆழமில்லாத வயல் நீரில்தான் அவை முட்டையிடும்.

அணை என்ன செய்கிறது?

திருவனந்தபுரத்தின் குடிநீருக்காகக் கரமனை ஆற்றில் 1983-இல் பேப்பாறை அணை வந்தது. கீழே அருவிக்கரையில் நகரத்துக்கு நீர் எடுக்கிறாங்க. கோடை முடிவில் அணை இறங்கிக் கிடக்கும். அதனால் முதல் வெள்ளம் அணையை நிரப்பவே போகும். மீனுக்குச் சேதி சொல்லும் அந்த ஏற்றம் கீழே தாமதமாகும், இல்லன்னா தணிந்துபோகும். ஆறு கரை ஏறாவிட்டால் வயலுக்கு வழியும் கிடையாது.

குறைந்தபட்ச நீர் விட்டால்?

மேல் கங்கைக்கு 2018-இல் மத்திய அரசு விதி போட்டது: ஜூன் முதல் செப்டம்பர் வரை சராசரி நீர்வரத்தில் 30% விடணும். ஆனால் சராசரி என்பது சமமான ஓட்டம். மீனுக்குத் தேவை திடீர் ஏற்றம்.

இப்படிப் பாருங்க. ஒரு மாதம் தினமும் 10 பங்கு விட்டால் மொத்தம் 300. அதையே 27 நாள் 8 பங்காக விட்டால் 84 மிச்சம். மழை வந்த மூன்று நாளில் தினம் 28 விடலாம். கூடுதல் நீர் ஒரு சொட்டும் வேண்டாம்.

இதற்கும் எல்லை உண்டு

வயலை மண் போட்டு மேடாக்கிவிட்டால் எந்த ஏற்றமும் பயன்படாது. ஏறி வரும் சினை மீனை வழியிலேயே பிடித்தாலும் அப்படித்தான். எனவே அணைத் திறப்பு அட்டவணையையும் வயல் நிலத்தையும் சேர்த்தே பார்க்கணும்.