8,000 ரூபாய் அறை எடுத்தால் 80,500 ரூபாய் பில்: இன்சூரன்ஸ் இருந்தும் கையில் இருந்து பணம் போவது ஏன்?

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல், ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீங்கள் பெங்களூருவில் வேலை பார்க்கிறீர்கள். கம்பெனி கொடுத்த குரூப் பாலிசியில் அம்மா, அப்பா இருவருக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் கவரேஜ் இருக்கிறது. கேஷ்லெஸ் வசதியுள்ள மருத்துவமனைதான். அட்மிஷன் கவுன்டரில் ஒருவர் கேட்கிறார்: "சார், ட்வின் ஷேரிங் ஃபுல். சிங்கிள் ரூம்தான் இருக்கு, போட்டுடலாமா?" அம்மாவுக்கும் தனி அறை வசதியாக இருக்குமே என்று தலையாட்டிவிடுகிறீர்கள்.

நான்கு நாள் கழித்து டிஸ்சார்ஜ். மொத்த பில் 2,20,000 ரூபாய். இன்சூரன்ஸ் கொடுத்தது 1,39,500. மீதி 80,500 ரூபாய் உங்கள் தலையில்.

இது ஒரு மாதிரிக் கணக்குதான். ஆனால் குரூப் பாலிசி வைத்திருக்கும் பலருக்கு இதே மாதிரிதான் நடக்கிறது. கிளெய்ம் நிராகரிக்கப்படவில்லை, கவரேஜும் தீர்ந்துபோகவில்லை. பிறகு பணம் எங்கே போனது?

அறை வாடகையில் ஒளிந்திருக்கும் கணக்கு

பல பாலிசிகளில் அறை வாடகைக்கு ஒரு வரம்பு உண்டு. பெரும்பாலும் கவரேஜ் தொகையில் 1 சதவீதம். 5 லட்சத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய். நீங்கள் எடுத்த அறை 8,000 ரூபாய். வித்தியாசம் நாளுக்கு 3,000, நான்கு நாளுக்கு 12,000, அதைக் கட்டிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை.

மருத்துவமனைகள் பலவற்றில் அறையின் வகை உயர்ந்தால் சர்ஜன் கட்டணம், மயக்க மருந்து நிபுணர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம், டாக்டர் வந்து பார்க்கும் கட்டணம் எல்லாமே உயரும். அதே டாக்டர், அதே தியேட்டர், விலை மட்டும் வேறு. அதனால், அறையில் எந்த விகிதத்தில் வரம்பை மீறினீர்களோ அதே விகிதத்தில் இந்தக் கட்டணங்களையும் இன்சூரன்ஸ் நிறுவனம் குறைக்கிறது. இதற்கு 'புரொபோர்ஷனேட் டிடக்‌ஷன்' என்று பெயர்.

நம் பில்லைப் பிரித்துப் பார்ப்போம். அறை வாடகை 32,000. சர்ஜன், தியேட்டர், டாக்டர் விசிட் வகையறா 1,20,000. மருந்து, பரிசோதனைகள் 60,000. கையுறை, அட்மிஷன் கிட் போன்ற, பாலிசி தராத பொருட்கள் 8,000.

5,000-ஐ 8,000-ஆல் வகுத்தால் 62.5 சதவீதம். அறைக்கு 20,000 கிடைக்கும். சர்ஜன் வகையறாவில் 1,20,000-க்குப் பதில் 75,000 மட்டும். இங்கேதான் 45,000 ரூபாய் காணாமல் போகிறது. மருந்துக்கும் பரிசோதனைக்கும் முழு 60,000. ஆக 1,55,000. பெற்றோருக்கு 10 சதவீத கோ-பே என்று கம்பெனி பாலிசியில் இருந்தால் இன்னொரு 15,500 குறையும். மிச்சம் 1,39,500.

அதே ஆபரேஷனை 5,000 ரூபாய் அறையில் செய்திருந்தால்? மற்ற கட்டணங்கள் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், தராத பொருட்களுக்கு 8,000, கோ-பே 20,000, மொத்தம் 28,000தான் கையில் இருந்து போயிருக்கும். அட்மிஷன் கவுன்டரில் ஒரு தலையாட்டலின் விலை 52,500 ரூபாய்.

எதில் கைவைக்கக் கூடாது?

இந்த வெட்டுக்கு ஓர் எல்லை உண்டு. இன்சூரன்ஸ் ஒழுங்காற்று அமைப்பான ஐஆர்டிஏஐ 2020-இல் வெளியிட்ட விதிகளின்படி, மருந்துகள், கன்ஸ்யூமபிள்ஸ், உடலில் பொருத்தும் இம்ப்ளான்ட், மருத்துவக் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் விகிதப்படி வெட்டக் கூடாது. ஐசியூ கட்டணத்திலும் கூடாது. அறைக்கு அறை கட்டணம் மாறாத மருத்துவமனை என்றால் மற்ற கட்டணங்களிலும் இந்த வெட்டு செல்லாது.

ஆனால் டிஸ்சார்ஜ் நேர அவசரத்தில் மொத்த பில்லிலும் ஒரே விகிதத்தைப் போட்டுவிட வாய்ப்பு உண்டு. கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. செட்டில்மென்ட் கடிதத்தில் ஒவ்வொரு வரிக்கும் கேட்ட தொகை, அனுமதித்த தொகை இரண்டும் இருக்கும். மருந்து வரியில் 60,000 கேட்டு 37,500 அனுமதித்திருந்தால், வகுத்துப் பாருங்கள், அதே 62.5 சதவீதம் வரும். அப்படி வந்தால் கேள்வி கேளுங்கள். மருத்துவமனையின் டாரிஃப் பட்டியலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அறையைப் பொறுத்து கட்டணம் மாறுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

முதலில் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஹெச்ஆரிடம் மட்டும் புலம்புவது போதாது. 30 நாளில் பதில் வரவில்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. குரூப் பாலிசி புகாரையும் எடுத்துக்கொள்வார்கள். நிறுவனம் மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போய்விடுங்கள்.

அட்மிஷனுக்கு முன்பே

பாலிசி ஆவணத்தில் 'ரூம் ரென்ட்' என்ற வரியை இன்றே தேடிப் பாருங்கள். அதில் நர்சிங் கட்டணமும் அடக்கமா என்பதுதான் முக்கியம். அடக்கம் என்றால், 4,500 ரூபாய் அறையோடு 1,000 ரூபாய் நர்சிங் சேர்ந்தாலே 5,000 தாண்டிவிடும்.

தகுதியான அறை காலி இல்லை என்றால், உடனே சரி சொல்லாதீர்கள். "எங்க பாலிசி லிமிட் 5,000. ரூம் கிடைக்கிற வரைக்கும் அந்த ரேட்லயே பில் போட முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் இரண்டு நாள் தள்ளிவைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்பதிலும் தப்பில்லை. எதுவும் நடக்கவில்லை என்றால், அறை காலி இல்லை என்பதை மருத்துவமனையிடம் எழுதி வாங்குங்கள். இன்சூரன்ஸ் நிறுவனம் அதை ஏற்கும் என்று உத்தரவாதம் இல்லை, ஆனால் புகார் செய்யும்போது கையில் ஒரு காகிதம் இருக்கும்.

சரி, மாத பட்ஜெட்டுக்கு வருவோம். 70,000 சம்பளத்தில் வாடகை, இஎம்ஐ, வீட்டுச் செலவு போக 80,500 எங்கிருந்து வரும்? பெரும்பாலும் கிரெடிட் கார்டில் இருந்து. மினிமம் டியூ மட்டும் கட்டிக்கொண்டு போனால் மாதம் 3 சதவீதத்துக்கு மேல்கூட வட்டி ஓடும்.

ஆறு மாதச் செலவைச் சேமித்து வையுங்கள் என்ற பொதுவான அட்வைஸை விட, உங்கள் பாலிசியின் ஓட்டை எவ்வளவு பெரியது என்று கணக்குப் போடுவது நல்லது. வீட்டில் ஒருவருக்கு 3 லட்சம் ரூபாய் பில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீத கோ-பே 30,000. தராத பொருட்களுக்கு ஒரு 15,000. ஆக 45,000. அறை வரம்புக்குள் இருக்கும் வரை உங்களுக்குத் தேவையான தனி நிதி ஏறக்குறைய இவ்வளவுதான். மாதம் 4,000 எடுத்துவைத்தால் ஒரு வருடத்தில் சேர்ந்துவிடும். கேஷ்லெஸ் அனுமதி வரும் வரை மருத்துவமனை கேட்கும் டெபாசிட்டுக்கும் இதுவே உதவும். உடனே எடுக்க முடிகிற இடத்தில் இருந்தால் போதும்.

டிஸ்சார்ஜ் ஆனதோடு ஃபைலை மூடிவிடாதீர்கள். அட்மிஷனுக்கு முந்தைய ஸ்கேன், வீட்டுக்கு வந்த பிறகு வாங்கிய மருந்து, மறுபரிசோதனை எல்லாவற்றையும் பல பாலிசிகளில் கிளெய்ம் செய்யலாம். பெரும்பாலும் முன்பு 30 நாள், பின்பு 60 நாள் என்று இருக்கும். இது கேஷ்லெஸ்ஸில் வராது, ஒரிஜினல் பில்லையும் டாக்டர் சீட்டையும் வைத்து நீங்கள்தான் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கடைசித் தேதி உண்டு. அம்மாவின் ஸ்கேன் பில் 4,500, பிந்தைய மருந்து 6,000 என்றால், கோ-பே போக 9,450 ரூபாய் திரும்பி வரும்.