அம்மாவைப் பார்க்கப் போன பெட்ரோல்

வானொலி நிலையத்தில் எனக்குச் சம்பளம் 25-ஆம் தேதி வரும். அடுத்த மாதம் 18-ஆம் தேதி வாக்கில் வீட்டில் ஒரு பேச்சு வரும். "இந்த மாசம் எங்கேங்க போச்சு?" என்று மனைவி கேட்பார். நானும் எதையாவது சொல்வேன். தைப்பூசம், சீனப் பெருநாள், பள்ளித் திறப்பு, யார் வீட்டுக் கல்யாணமாவது. ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

நாங்கள் திட்டம் போடாத குடும்பம் இல்லை. குளிர்பெட்டிக் கதவில் பட்டியல் ஒட்டியிருக்கும். ஆனால் மாத முடிவில் அதை எடுத்து, போட்ட தொகைக்கு நேராகச் செலவான தொகையை எழுதிப் பார்த்ததே இல்லை. 2024-ஆம் ஆண்டு ஜூன் முடிந்ததும்தான் ரசீதுகள், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் பரப்பி வைத்து ஆறு மாதத்துக்கும் எழுதினோம். திட்டம், செலவு, வித்தியாசம் என்று மூன்று பத்திகள். மூன்று தலைப்புகள் எங்களுக்கு மூன்று பாடம் சொல்லின.

முதலில் கார் பராமரிப்பு. மாதம் 100 ரிங்கிட் என்று போட்டிருந்தோம். மார்ச்சில் நான்கு டயர்களும் மாற்றியதில் 680 ரிங்கிட். பட்டியலிலேயே பெரிய எண் அதுதான். "இதுதான் நம்மைக் கவிழ்த்தது" என்றேன். ஆனால் மற்ற ஐந்து மாதமும் அந்த வரியில் செலவே இல்லை. ஆறு மாதத்துக்குத் திட்டம் 600, செலவு 680. மிஞ்சியது 80 ரிங்கிட்தான். ஒரே மாதம் உயரமாக எழும்பும் செலவு கண்ணில் படும். அது தொடர்ந்து மீறும் செலவு ஆகாது.

அப்படியானால் மார்ச்சில் ஏன் கடன் அட்டையை எடுத்தோம்? பிப்ரவரிக் கணக்கில் பதில் இருந்தது. அந்த மாதம் பெட்ரோல் 46 ரிங்கிட் கூடுதல், மொய் 100 கூடுதல். மளிகையில் 58 குறைவு; கார் பராமரிப்பில் 100 ரிங்கிட்டும் செலவாகவில்லை. கூட்டிக் கழித்தால் 12 ரிங்கிட் மிச்சம். நாங்களும் நல்ல மாதம் என்று நினைத்தோம். உண்மையில் டயருக்கு ஒதுங்கி நிற்க வேண்டிய 100 ரிங்கிட்டை மொய் தின்றுவிட்டது. மொத்தத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது. வரி வரியாகப் பார்க்க வேண்டும்.

அடுத்தது பெட்ரோல். திட்டம் 400. ஜனவரியிலிருந்து வரிசையாக 452, 446, 461, 438, 455, 448. எந்த மாதமும் பெரிய அதிர்ச்சி இல்லை, ஆனால் ஆறுக்கு ஆறு மாதமும் மீறல். சராசரி 450. இப்படி ஒரே அளவில், ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் தப்பு செலவில் இல்லை, திட்டத்தில்தான்.

மீறல் வந்தால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். விலை ஏறியதா, அளவு ஏறியதா? அந்த ஆறு மாதமும் ரோன்95 லிட்டர் 2 ரிங்கிட் 5 காசிலேயே நின்றது. ஆகவே விலைமேல் பழி போட முடியாது. 50 ரிங்கிட்டுக்கு 24 லிட்டருக்குச் சற்று மேல். எங்கள் கார் லிட்டருக்குச் சுமார் 12 கிலோமீட்டர் ஓடும். அதாவது மாதம் 290 கிலோமீட்டர், வாரத்துக்கு 70-க்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிரம்பானிலிருந்து லிங்கிப் பக்கம் அம்மா இருக்கும் தோட்டத்துக்குப் போய்வரும் தூரம் அது.

வேலைக்குப் போய்வருவதை மட்டும் வைத்துத்தான் 400 என்று போட்டிருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவைப் பார்க்கப் போவது திட்டத்திலேயே இல்லை. பெட்ரோலைக் குறைக்க வேண்டும் என்று அதற்கு முந்தின மாதம்தான் நாங்கள் இருவரும் சண்டை போட்டிருந்தோம். எதைக் குறைக்கச் சொல்கிறோம் என்று தெரியாமலே போட்ட சண்டை.

மூன்றாவது மொய். திட்டம் 100, அதாவது ஐம்பது ரிங்கிட் வீதம் மாதம் இரண்டு விசேஷம். நடந்தது 50, 200, 50, 200, 350, 250. ஆறு மாதத்தில் 1,100 ரிங்கிட். டயரைவிட, பெட்ரோல் மீறலைவிட இதுதான் பெரிது: 500 ரிங்கிட் கூடுதல். ஆனால் இரண்டு மாதம் குறைவாக இருந்ததால் கண்ணுக்குத் தப்பியது. இங்கேயும் விலை மாறவில்லை. உறை ஒன்றுக்கு ஐம்பதுதான். பன்னிரண்டு உறை என்று நினைத்தோம், இருபத்திரண்டு உறை போயிருக்கிறது. மே மாதம் மட்டும் ஏழு. தோட்டத்தில் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள் இப்போது நீலாய், செனவாங், பகாவ் என்று சிதறிக் கிடந்தாலும், பத்திரிகை வந்தால் போகாமல் இருக்க முடியுமா?

ஆறு மாதத்தை அப்படியே இரண்டால் பெருக்கி ஆண்டுக் கணக்கு போடுவதும் சரிவராது. ஆடியும் மார்கழியும் இப்படி இருக்காது. ஆவணியும் தையும் வேறு மாதிரி. விசேஷச் செலவை மாதத்தோடு ஒப்பிடாமல் ஆண்டோடு ஒப்பிட வேண்டும். ஊழியர் சேம நிதி வாரியம் 2019-இல் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வு மையத்தோடு சேர்ந்து வெளியிட்ட 'பெலஞ்சாவான்கு' செலவு வழிகாட்டியிலும் ஆண்டுச் செலவுக்கும், சமூக உறவுக்கான செலவுக்கும் தனித் தலைப்பு உண்டு. நாங்கள் மொய்யை 'இதர' என்ற தலைப்பில் போட்டிருந்தால் இந்த 500 ரிங்கிட் கண்ணிலேயே பட்டிருக்காது.

எங்கள் வீட்டில் இப்போதுள்ள விதி எளிது. ஆறு மாதத்தில் நான்கு மாதமாவது ஒரு வரி பத்து விழுக்காட்டுக்கு மேல் மீறினால் உட்கார்ந்து பேசுவோம். ஒரு மாதம் மீறினால் குறித்து வைப்போம், பதற மாட்டோம். ஜூலையிலிருந்து பெட்ரோல் 450. மொய்க்கு மாதம் 180, தனி உறையில். ஆடியில் மிஞ்சினால் அது ஆவணிக்கு. கார்ப் பணம் நூறும் வேறு கணக்கில். கூடுதலாகத் தேவைப்பட்ட 130 ரிங்கிட்டை வெளிச்சாப்பாட்டிலிருந்து எடுத்தோம். அதில் எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்த ஞாயிறு அம்மாவிடம் இதைச் சொன்னேன். பால் வெட்டிய காலத்தில் மாத நடுவில் முன்பணம், மாதம் பிறந்ததும் மிச்சச் சம்பளம். மழை பெய்தால் வெட்டு இல்லை, சம்பளமும் குறையும். கடைக்காரர் 555 புத்தகத்தில் வாங்கியதை எழுதுவார். அம்மா பக்கத்தின் மேலே பென்சிலில் ஓர் எண் எழுதி வைப்பார். கடன் அதைத் தாண்டினால் அடுத்த பக்கத்தில் என்ன கூடியது என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்ப்பார்.

"அப்போ இத்தனை நாளா என்னைப் பார்க்க வர்றது உன் கணக்கிலேயே இல்லையாய்யா?" என்றார் சிரித்துக்கொண்டே.

"இப்ப இருக்கும்மா" என்றேன். "மாசம் ஐம்பது வெள்ளி."

"அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுத் தேநீர் போட உள்ளே போனார்.