நன்கொடைப் பற்றுச்சீட்டில் எந்த இலக்கம் இருக்க வேண்டும்?

லிங்கநகரில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் முதியோர் இல்லம் ஒன்றுக்குக் காசோலையாக ஒரு இலட்சம் ரூபா கொடுத்திருந்தார். வருமான வரி விபரத்திரட்டில் அதற்காக 75,000 ரூபாவைக் கழித்துக் காட்டினார். பற்றுச்சீட்டில் நிறுவனத்தின் பதிவு விபரம் இல்லை என்று கூறி அந்தக் கழிவு நிராகரிக்கப்பட்டது. அவரது உயர்ந்த வரி வீதம் 18 சதவீதம் என்பதால் 13,500 ரூபா மேலதிகமாகக் கட்ட வேண்டி வந்தது.

நண்பருடன் நானும் இல்லத்துக்குப் போனேன். நிர்வாகத்தினர் சமூக சேவைப் பதிவு இலக்கத்தைத் தந்தார்கள். அது போதாது. நம்மில் பலர் தடுமாறும் இடம் இதுதான். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் இந்தக் கழிவை எல்லாத் தர்ம நிறுவனங்களுக்கும் தருவதில்லை. நோயாளருக்கோ வறியோருக்கோ நிறுவன ரீதியான பராமரிப்பு வழங்கும், அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்குப் பணமாகக் கொடுத்ததையே அது ஏற்கிறது. தனிநபருக்கு வரிக்குரிய வருமானத்தின் மூன்றில் ஒரு பங்கு அல்லது 75,000 ரூபா, இவற்றில் குறைந்ததே எல்லை. பள்ளிவாசலின் வக்பு பதிவோ, அரச சார்பற்ற நிறுவனப் பதிவோ இந்த அங்கீகாரத்துக்கு ஈடாகாது. ஏழைக்கு நேரடியாகக் கொடுத்த ஸகாத்தும் இதில் சேராது.

ஆகவே அங்கீகாரம் வெளியான வர்த்தமானியின் இலக்கத்தையும் திகதியையும் கேட்டோம். அது இருந்தது, நன்கொடைக்கு முந்திய திகதி. பழைய திகதியிட்டுப் புதிய பற்றுச்சீட்டு எழுதித் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். அது பொய் ஆவணமாகிவிடும். பதிலாக, அன்றைய திகதியில் ஓர் உறுதிக் கடிதம் வாங்கினோம். பழைய பற்றுச்சீட்டு இலக்கம், கொடுத்தவர் பெயர், தொகை, காசோலை இலக்கம், வர்த்தமானி விபரம் ஆகியவை அதில் இருந்தன. வர்த்தமானியில் உள்ளபடியே நிறுவனத்தின் பெயரை எழுதச் சொன்னோம்.

பதில் கடிதம் ஒரு பக்கம்தான். வரி இலக்கம், மதிப்பீட்டு ஆண்டு, எந்தக் கழிவு, ஏன் உரியது என்பவற்றை எழுதி, பற்றுச்சீட்டு, உறுதிக் கடிதம், வர்த்தமானிப் பிரதி, காசோலை மாறிய வங்கிக் கூற்று ஆகியவற்றை இணைத்தோம். மதிப்பீட்டு அறிவித்தல் கிடைத்து 30 நாட்களுக்குள் நிர்வாக மீளாய்வு கோர வேண்டும். தொலைபேசியில் பேசியதை நம்பி அந்த நாட்களைக் கடத்தக் கூடாது.

அங்கீகாரமே இல்லாத நிறுவனமாக இருந்தால் எவ்வளவு நல்ல கடிதமும் உதவாது. வரியைக் கட்டிவிடுவதே வழி. நன்மை அல்லாஹ்விடம் இருக்கிறது. கழிவு வேறு விடயம்.

என் கருத்து, இந்த அலைச்சலுக்குப் பொறுப்பு நிறுவனங்களுடையது. அங்கீகாரம் உள்ளவர்கள் வர்த்தமானி இலக்கத்தைப் பற்றுச்சீட்டிலேயே அச்சிடட்டும். இல்லாதவர்கள் அதைக் கொடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லட்டும். வியாபாரிகளும் காசோலை எழுதும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்பதில் வெட்கமில்லை.