கிரகணத்தின் பெயரால் ஒரு பழி

“கிரகணத்தன்று வெளியே வந்தாயா? அரிவாள்மனையில் காய் நறுக்கினாயா?” உதடு பிளந்து பிறந்த குழந்தையைக் கண்டதும், பெற்றவளிடம் உறவினர் பலர் முதலில் கேட்பது இதைத்தான். இல்லை என்று அவள் சொன்னாலும் விடமாட்டார்கள். முற்பிறவியில் செய்த பாவம் என்று முடித்துவிடுவார்கள். பிள்ளை பெற்ற உடல் ஆறுமுன்பே ஒருத்தியைக் குற்றவாளி ஆக்கும் இக்கொடுமையை மரபென்று சொல்லிப் பொறுத்துக்கொள்ள இயலாது.

கருவின் முகம் இரு பக்கமும் வளர்ந்து நடுவில் வந்து கூடுவது. மேலுதடு ஏழாம் வாரத்துக்குள்ளும், அண்ணம் பன்னிரண்டாம் வாரத்துக்குள்ளும் கூடிவிடும். கூடாமல் நின்ற இடமே பிளவு. ஆறாம் மாதத்தில் வந்த கிரகணத்தின்மேல் பழி சுமத்துவோர், அதற்கு நான்கு மாதம் முன்பே அவ்வுதடு உருவாகி முடிந்ததை எண்ணிப் பார்க்கட்டும். அந்நாளில் தாம் கருவுற்றதையே பல பெண்கள் அறிந்திருப்பதில்லை.

பழிச்சொல்லின் கேடு குழந்தையின் எடையில் தெரியும். அண்ணம் பிளந்திருந்தால் வாயில் காற்றுக் கசியும். குழந்தையால் உறிஞ்ச முடியாது, பால் மூக்கில் ஏறும். தாய்ப்பாலைப் பீய்ச்சி, குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையால் சிறிது சிறிதாகப் புகட்டி, இடையிடையே ஏப்பம் விடச்செய்ய வேண்டும். பொறுமையும் துணைக்கையும் வேண்டிய வேலை இது. வெட்கி மூலையில் ஒடுங்கிய தாய் இதைத் தனியே செய்கிறாள், பிள்ளை மெலிகிறது. உதட்டைத் தைக்க, 10 வார வயதும் ஏறத்தாழ 4.5 கிலோ எடையும் நெடுநாளைய அளவுகோல். எடை ஏறாவிடில் அறுவை தள்ளிப்போகும். ஓராண்டையொட்டிச் செய்யவேண்டிய அண்ண அறுவையும் தாமதமானால், பேச்சு மூக்கொலியோடு ஊன்றிவிடும். அரசின் சிறார் நலத் திட்டத்தில் இவ்வறுவைக்குக் கட்டணமில்லை; ஆயினும் ஒளித்து வைத்த குழந்தையை அத்திட்டம் எப்படிக் கண்டறியும்?

ஆகவே, கேள்வி கேட்போருக்கு விடை சொல்லும் கடமை முதலில் தந்தையுடையது. “கருவின் இரண்டாம் மாதத்திலேயே உதடு கூடாமல் நின்றுவிட்டது, பிறந்த மூன்றாம் மாதம் தைக்கப் போகிறோம்” என்று அவன் அனைவர் முன்னிலையிலும் ஒருமுறை உரைத்தால் போதும், வாதம் வேண்டா. அதையே பாட்டியும் சொல்வாராயின் தெருவே கேட்கும். பெயர்சூட்டு விழாவைத் தள்ளிவைக்காமல் நடத்துங்கள். வளர்ந்தபின் தழும்பைப் பற்றிப் பிள்ளை கேட்கும்போதும் இவ்விடையையே கூறுங்கள்.

ஊழென்று ஓய்ந்துவிடும் வீட்டில் இன்னொன்றும் தவறிப்போகிறது. பிளவுக்குப் பரம்பரைக் கூறு உண்டு. கட்டுக்கடங்காத சர்க்கரை, புகையிலை, வலிப்புக்கான சில மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். பல வேளைகளில் காரணம் இன்னதென்று சொல்லவே இயலாது. அடுத்த குழந்தையை விரும்புவோர் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைக் காண வேண்டும். வலிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. மாற்றுவதா என்பதை அவரே முடிவு செய்வார். ஃபோலிக் அமில மாத்திரையையும் கரு நிலைக்கும் முன்பே தொடங்கச் சொல்வார்.