சைபர் விழுக்காட்டுக்கு என்ன விலை?

கைப்பேசியில் வரும் அந்தக் குறுஞ்செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ‘உங்கள் மற்ற வங்கி கிரெடிட் கார்டு பாக்கியை எங்களிடம் மாற்றுங்கள், வட்டி 0%’ என்று இருக்கும். கீழே பொடி எழுத்தில் ‘ஒருமுறைக் கட்டணம் உண்டு’ என்று ஒரு வரி. பாக்கியை மாற்றுவது, அதாவது பேலன்ஸ் டிரான்ஸ்பர், நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. எவ்வளவு கட்டணம், என்ன வட்டி, எத்தனை மாதம் என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால் கணக்குப் போட்டுச் சொல்லலாம்.

பாகான் செராயில் எங்கள் வரிசை வீட்டில் இருக்கும் தம்பி ஒருவர் அப்படித்தான் மூன்று தாள்களோடு வந்தார். தினமும் கொமுட்டரில் புக்கிட் மெர்தாஜாம் போய் வேலை செய்பவர். தங்கை கல்யாணச் செலவில் கார்டில் 6,000 ரிங்கிட் பாக்கி நின்றுவிட்டது.

“அண்ணே, சைபர் விழுக்காடுன்னா சும்மா தானே?”

“சும்மா எதுவும் இல்ல தம்பி. முதல்ல உங்க கார்டு இப்போ எவ்வளவு வட்டி போடுதுன்னு பாருங்க.”

நம் நாட்டில் கார்டு வட்டி எல்லாருக்கும் ஒன்றல்ல. கடந்த 12 மாதமும் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல், நேரத்தோடு கட்டியவருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு. பத்து மாதமாவது நேரத்தோடு கட்டியவருக்கு 17. அதற்கும் கீழே போனவருக்கு 18. தம்பி மூன்று மாதம் பிந்திவிட்டார்; ஆகவே 18. அதாவது 6,000 ரிங்கிட்டுக்கு மாதம் 90 ரிங்கிட் வட்டி. குறைந்தபட்சத் தொகையான 5 விழுக்காட்டை, அதாவது 300 ரிங்கிட்டை, அவர் கட்டினால் 210 மட்டுமே கடனில் கழியும். அடுத்த மாதம் குறைந்தபட்சமும் கொஞ்சம் சுருங்கும், கழிவதும் சுருங்கும். இப்படியே போனால் கடன் ஆண்டுக்கணக்கில் கூடவே வரும்.

இனி அந்த மூன்று தாள்கள். முதல் வங்கி, 6 மாதத்துக்கு 0%, கட்டணம் 3%. இரண்டாம் வங்கி, 12 மாதம், கட்டணம் இல்லை, மாதம் 0.5% ‘ஃபிளாட்’ வட்டி. மூன்றாம் வங்கி, 36 மாதம், ஆண்டுக்கு 5% ‘ஃபிளாட்’. தம்பியின் கண் மூன்றாவதில்தான் நின்றது. மாதம் 191 ரிங்கிட் சொச்சம்தானே!

ஃபிளாட் வட்டி என்றால், வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுவது. பதினோராம் மாதம் உங்கள் கையில் வங்கிப் பணம் ஆயிரம்தான் இருக்கும்; ஆனால் வட்டி ஆறாயிரத்துக்கே ஓடும். கார் கடன் எடுத்தவர்களுக்கு இது பழக்கம்தான். சராசரியாகப் பார்த்தால், தவணைக் காலம் முழுவதும் உங்களிடம் இருப்பது ஏறக்குறைய பாதிக் கடன். ஆகவே ஃபிளாட் வட்டியை இரண்டால் பெருக்கி, அதிலிருந்து கொஞ்சம் குறைத்துக்கொண்டால் உண்மை வட்டி கிடைக்கும். 6% ஃபிளாட், 12 மாதம் என்றால் உண்மையில் 10.9%. 5% ஃபிளாட், 36 மாதம் என்றால் 9.3%.

கார்டு வட்டியான 18 என்பது உண்மை வட்டி. விளம்பரத்தில் உள்ள 5, 6 என்பது ஃபிளாட். இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘மூன்றில் ஒரு பங்குதான்’ என்று மகிழ்வது, கிலோவையும் கட்டியையும் ஒன்றாக நிறுப்பது போல.

இதற்கு நல்ல அளவுகோல் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. 2020 மார்ச்சில், நடமாட்டக் கட்டுப்பாடு வந்த நேரத்தில், கார்டு பாக்கியை அதிகபட்சம் 3 ஆண்டுத் தவணைக் கடனாக மாற்றிக்கொள்ள பேங்க் நெகாரா வழி செய்தது. வட்டி 13 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றது. அந்த 13 உண்மை வட்டி. 6,000 ரிங்கிட்டை அந்தக் கணக்கில் 36 மாதம் கட்டினால் மாதம் 202 ரிங்கிட், மொத்த வட்டி சுமார் 1,278. இதையே ஃபிளாட்டில் சொன்னால் ஆண்டுக்கு 7.1%. அதாவது இன்று ஒரு வங்கி மூன்று ஆண்டுக்கு ‘வெறும் 7%’ என்று ஃபிளாட்டில் சொன்னால், அன்றைய 13-ஐத்தான் வேறு சட்டை போட்டு நிறுத்துகிறது.

முதல் வங்கியின் 0%-க்கு வருவோம். 3% கட்டணம் என்பது 180 ரிங்கிட். மாதம் 1,000 வீதம் ஆறு மாதத்தில் கடன் முடிந்துவிடும். 180 சின்னத் தொகைதான். ஆனால் அதை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறார்கள், பணமும் ஆறே மாதம்தான் உங்களிடம் இருக்கிறது. உண்மை வட்டியாகப் பார்த்தால் 10.5%. தோட்டத்துக் காலத்தில் ஏலக் கூட்டு பிடித்தவர்களுக்கு இது உடனே புரியும்: கழிவு போக எடுத்தவர் வட்டி என்று எதுவும் கட்டுவதில்லை, ஆனால் மாதத் தவணையை முழுதாகக் கட்டுகிறார். (கூட்டு நடத்துவது 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. புரிவதற்காகச் சொல்கிறேன், யாரும் பழைய நோட்டுப் புத்தகத்தைத் தூசி தட்ட வேண்டாம்.)

கட்டணத்துக்கும் ஃபிளாட் வட்டிக்கும் ஒரு முக்கிய வித்தியாசம் இங்கேதான். ஒருமுறைக் கட்டணம் காலத்தோடு வளராது. அதே 3% கட்டணத்தில் 12 மாதம் கொடுத்தால் உண்மை வட்டி 5.7%-க்கு இறங்கிவிடும். ஃபிளாட் வட்டியோ மாதம் கூடக் கூட ரிங்கிட்டில் ஏறிக்கொண்டே போகும். ஆகவே கட்டணம் ஒரே அளவாக இருந்தால் நீண்ட தவணையைக் கேளுங்கள். ஃபிளாட் வட்டி என்றால் உங்களால் தாங்க முடிந்த மிகக் குறுகிய தவணையைக் கேளுங்கள்.

தம்பியின் மூன்றாம் தாள் இதனால்தான் சிக்கலானது. உண்மை வட்டியில் அதுவே மலிவு, 9.3%. ஆனால் ரிங்கிட்டில் அதுவே அதிகம், 900. முதலாவது 180, இரண்டாவது 360. வட்டி விகிதத்தை மட்டும் பார்ப்பவரும் மாதத் தவணையை மட்டும் பார்ப்பவரும் ஒரே தாளைத்தான் எடுப்பார்கள். இரண்டு பேரும் 900 கட்டுவார்கள். மாதம் 200-க்கு மேல் முடியவே முடியாது என்பவருக்கு அது சரியான தாள்தான். அதே 191 ரிங்கிட்டை 18% கார்டிலேயே கட்டி வந்தால் முடிய 43 மாதம் ஆகும், வட்டி இரண்டாயிரத்தைத் தாண்டும். ஆனால் தம்பியால் மாதம் 600 வரை முடியும்.

அப்படியானால் சரியான ஒப்பீடு இதுதான்: வங்கி கேட்கும் அதே தவணையைப் பழைய கார்டிலேயே கட்டினால் என்ன ஆகும்? மாதம் 530 ரிங்கிட்டை 18% கார்டில் கட்டினால் 13-ஆம் மாதம் கடன் முடியும், வட்டி ஏறக்குறைய 625. இரண்டாம் வங்கியில் 360. ஆக மிச்சம் 265 ரிங்கிட். நல்ல தொகைதான், ஆனால் ‘ஆயிரக்கணக்கில் சேமியுங்கள்’ என்ற விளம்பரம் அளவுக்கு இல்லை. 15% வட்டியில் இருப்பவருக்கு மிச்சம் இன்னும் குறையும். கடனை இறக்குவதில் பெரிய வேலையைச் செய்வது 300-க்குப் பதில் 530 கட்டும் அந்தக் கைதான். மாற்றுத் திட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது.

முதல் வங்கிக்குப் போன் போட்டு, 12 மாதத் தவணை உண்டா என்று கேட்கச் சொன்னேன். விளம்பரத்தில் இல்லை, கேட்டால் இருந்தது: 0%, கட்டணம் 5%. 300 ரிங்கிட் கட்டணம், மாதம் 500. உண்மை வட்டி 9.6%. இரண்டாம் வங்கியைவிட 60 ரிங்கிட் குறைவு. ஆனால் கட்டணம் முதல் பில்லிலேயே ஏறும் என்றார்கள். அப்படியானால் முதல் மாதம் 800 வேண்டும். அந்த மாதத்துக்கு மிகைநேர வேலைச் சம்பளத்தை ஒதுக்கிவைத்து அதையே எடுத்துக்கொண்டார்.

எடுத்த பிறகு கவனிக்க வேண்டியது கொஞ்சம் உண்டு. புதிய வங்கி ‘சரி’ என்று சொன்ன அன்றே பழைய கார்டு பாக்கி அடைந்துவிடாது; பணம் போய்ச் சேரச் சில நாள் ஆகும். அதற்குள் பழைய கார்டின் கெடு வந்தால் குறைந்தபட்சத்தைக் கட்டிவிட வேண்டும். மாற்றிய நாள்வரை ஓடிய வட்டி, அடுத்த பில்லில் சில பத்து ரிங்கிட்டாக வந்து நிற்கும். ‘எல்லாம்தான் முடிந்துவிட்டதே’ என்று அந்த பில்லைத் திறக்காமல் விடுபவர்கள் உண்டு. அந்தச் சில்லறைக்கும் பிந்தினால் குறைந்தது 10 ரிங்கிட் தாமதக் கட்டணம்.

புதிய கார்டில் மாதத் தவணை முழுதாகவே குறைந்தபட்சத் தொகையில் சேர்ந்துவிடும். அதில் 5 விழுக்காடு மட்டும் கட்டித் தப்ப முடியாது. ஒரு தவணை தவறினால் திட்டத்தையே ரத்து செய்து, மிச்சக் கடனை வழக்கமான கார்டு வட்டிக்குக் கொண்டுபோகும் விதி பல திட்டங்களில் இருக்கிறது. அப்போது கட்டிய கட்டணம் திரும்பாது. முன்கூட்டியே அடைப்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மூன்றாம் தாளை எடுத்து ஓராண்டில் போனஸ் வந்து அடைக்கப் போனால், மீதி 24 தவணையும், அதாவது 4,600 ரிங்கிட், கட்டச் சொல்வார்களா, அல்லது மீதி அசலும் ஒரு கட்டணமும் போதுமா? முதல் வகை என்றால் சீக்கிரம் அடைப்பதில் ஒரு காசும் மிச்சமில்லை. இதெல்லாம் வங்கி தரும் பொருள் விளக்கத் தாளில் இருக்கும். போனில் பேசுபவரிடம் அதை முதலில் அனுப்பச் சொல்லிவிட்டு, பிறகு சம்மதம் சொல்லுங்கள்.

கடையில் வாங்கும் பொருளைத் தவணையாக்குவதும் இதே கணக்குதான், கட்டணம் மட்டும் வேறு இடத்தில் ஒளிந்திருக்கும். குளிர்சாதனப் பெட்டி 2,400 ரிங்கிட், 12 மாதம், 0%, மாதம் 200 என்று அட்டை தொங்கும். “ரொக்கமா கொடுத்தா எவ்வளவு பாஸ்?” என்று கேளுங்கள். 2,280 என்று இறங்கினால், அந்த 120 ரிங்கிட்தான் உங்கள் வட்டி; ஆண்டுக்கு ஏறக்குறைய 9.6%. ரொக்க விலையும் 2,400தான் என்றால் அது உண்மையான சைபர், தாராளமாகத் தவணையில் எடுக்கலாம். வாங்கி முடித்த பிறகு, ‘இந்தச் செலவைத் தவணையாக்கலாமே’ என்று வங்கி அனுப்பும் செய்தி வேறு. அதில் பெரும்பாலும் கட்டணமோ ஃபிளாட் வட்டியோ உண்டு. அடுத்த சம்பளத்தில் முழுதாகக் கட்டக் கூடியவர் அதைத் தொடவே வேண்டாம். அவருக்குக் கார்டு வட்டியே விழாதே.

ஏற்கெனவே இரண்டு கார்டு பாக்கியை மூன்றாவதற்கு மாற்றி, காலியான பழைய கார்டுகளில் மறுபடி தேய்க்க ஆரம்பித்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் உதவாது. அவர்களுக்கு ஏகேபிகே இருக்கிறது. பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பு. எல்லாக் கடனையும் ஒரே தவணையாக்கி வங்கிகளோடு அவர்களே பேசுவார்கள், அதற்குக் கட்டணம் இல்லை. தம்பியின் பழைய கார்டை என்ன செய்வது என்றும் பேசினோம். வரம்பை 2,000-க்குக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு எழுதினார். பெட்ரோலுக்கு அது போதும் என்றார்.