ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு அரியர்

அரியர்னா என்னன்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பேப்பர் போனா அடுத்த செமஸ்டர்ல அதை மட்டும் எழுதுவோம், பாஸ் பண்ணின பேப்பர் அப்படியே நிக்கும். பத்தாம் வகுப்புத் தேர்விலும் இதேதான் கதை. ஆனா பாதியில் பள்ளியை விட்டு வேலைக்குப் போன பலருக்கு இது தெரியாது. ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் தாண்டணும்னு நினைத்தே ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களுக்காக இரவு வகுப்பு எடுக்கிற மாணவர்கள், ஊக்கப் பேச்சைக் குறைத்துவிட்டு அவர்களுடைய ஷிப்டையும் தேர்வுத் தேதியையும் முதலில் பார்க்கணும் என்பது என் கருத்து.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் 19 வயதுத் தம்பி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒன்பதாவது பாதியில் படிப்பு நின்றுபோச்சு. எட்டாவது பாஸ் என்ற சான்று கையில் இருந்தால் போதும், தனித்தேர்வராக அவர் நேரடியாகப் பத்தாவது எழுதலாம். ஒன்பதாவதை முடிக்க வேண்டிய அவசியமே இல்லை. இதைச் சொன்னாலே பாதி பயம் போயிடும்.

அடுத்தது நேரம். ஆர்டர் அவசரம்னா கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு உள்ளே போனால் வெளியே வர இரவு எட்டரை ஆகிவிடும். நாம மாலை ஆறு மணிக்கு வகுப்பு வைத்துவிட்டு, "பசங்க வரமாட்டேங்கிறாங்க"ன்னு சொல்றதுல அர்த்தமில்லை. ஒன்பது மணிக்கு, அவர் தங்கியிருக்கும் தெருவிலேயே ஒரு மணி நேரம் எடுத்தால் வருவார். பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்நேரத்தில் வகுப்பு விடுதிக்குள்ளோ பக்கத்து வீட்டிலோ நடந்தால்தான் அனுப்புவார்கள்.

என்ன சொல்லித்தருவது? கணக்குப் புத்தகத்தின் முதல் அத்தியாயம் உறவுகளும் சார்புகளும். பின்னமும் மைனஸும் மறந்துபோன ஒருத்தரை அங்கே உட்கார வைத்தால் மூன்றாம் நாள் வரமாட்டார். நம்ம பத்தாவது வினாத்தாளை ஞாபகப்படுத்திப் பாருங்க. வடிவியல் வரைதல் 8 மார்க், வரைபடம் 8 மார்க். இந்த 16 மார்க்கும் கை பழகினால் வரும். 14 ஒரு மார்க் கேள்விகளில் பாதி சரியானால் 7. இரண்டு மார்க் கேள்விகளில் ஆறு சரியானால் 12. மொத்தம் 35, பாஸ். அதனால் ஸ்கேலும் காம்பஸும் கொடுத்துத் தொடுகோடு வரைவதில் ஆரம்பிக்கலாம். ஓர் இரவுக்கு ஒரே ஒரு வகைக் கணக்கு, அன்றைக்கே முடியணும். அப்போதான் இரண்டு நாள் ஓவர்டைமில் மாட்டிக்கொண்டு மூன்றாம் நாள் வருகிறவருக்கும் அன்றைய பாடம் புரியும். தொடர்கதை மாதிரி நடத்தினால், ஒரு வாரம் விட்டவர் கூச்சத்திலேயே நின்றுவிடுவார்.

பலர் கவனிக்காமல் விடும் இடம் அறிவியல். எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20, செய்முறையில் 15 என்று தனித்தனியாக எடுக்கணும். தனித்தேர்வர் செய்முறைக்கு முன்கூட்டியே பதிவு செய்து, ஒரு பள்ளியில் நடக்கும் பயிற்சி வகுப்புகளில் 80 சதவீதமாவது கலந்துகொள்ள வேண்டும். பள்ளியோ பகலில் நடக்கிறது, இவருக்கோ பகலில் வேலை. பதிவுத் தேதியைத் தவறவிட்டால், ராத்திரி எவ்வளவு படித்தாலும் அந்த வருஷம் போச்சு. எனவே வகுப்பு தொடங்கும் முதல் வாரமே மாற்றுச் சான்றிதழைத் தேடி எடுப்பது, பதிவுத் தேதியைக் கேட்டு வைப்பது, பயிற்சி நாட்களுக்கு சூப்பர்வைசரிடம் லீவு பேசுவது ஆகிய மூன்றையும் முடிக்கணும். அந்த நாட்களில் போகும் சம்பளத்தை ஈடுகட்ட நம்ம மன்றங்கள் பணம் ஒதுக்கினால், நோட்டுப் புத்தகம் கொடுத்துப் போட்டோ எடுப்பதைவிட அது உருப்படியான உதவி.

கடைசியாக நம்ம பக்கத்துக் குறை. பொதுத்தேர்வு முடிந்ததும் நமக்கு செமஸ்டர், அப்புறம் ஊருக்குக் கிளம்பிடுவோம். தம்பிக்கு மூன்று பாடம் பாஸ், கணக்கும் அறிவியலும் போச்சுன்னு வைங்க. அந்த இரண்டை மட்டும் எழுதத் துணைத்தேர்வு சில வாரங்களிலேயே வருகிறது. அவருக்கு நாம ரொம்பத் தேவைப்படும் வாரங்கள் அவைதான், வகுப்பு பூட்டிக் கிடப்பதும் அப்போதுதான். உள்ளூர் மாணவர்கள் இரண்டு பேராவது அந்த வாரங்களுக்குப் பொறுப்பேற்க ஒப்புக்கொண்ட பிறகே வகுப்பைத் தொடங்கலாம். "ரெண்டு பேப்பர்தான் தம்பி, அரியர் மாதிரி"ன்னு ரிசல்ட் வந்த அன்னைக்கே சொல்ல ஆள் இருந்தால், அவர் மறுபடியும் பேனாவை எடுப்பார்.